மோதிரப் படத்தில் கிளாம்ப், கம்பி, தாங்கியை நீக்குவது: கல்லின் ஒளி கெடாமல் செய்வதற்கான கேள்விகளும் பதில்களும்

வவுனியா, கிளிநொச்சி, புதுக்குடியிருப்புப் பக்கத்து நகைக்கடைகளுக்குப் படம் எடுத்துக் கொடுப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். பெரும்பாலும் அடிப்பக்கம் திறந்தபடி கட்டிய ராசிக்கல் மோதிரங்களைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன். சிக்கல் அதிகமாக வருவது அவற்றில்தான்.

அக்கா, கிளாம்பை குளோன் போட்டு அழிச்சிட்டன். வளையம் வடிவா வந்திட்டுது. ஆனா கல்லு செத்துப்போன மாதிரிக் கிடக்கு. ஏன்?

உங்கள் படத்தில் கிளாம்ப் இரண்டு இடங்களில் இருந்தது. வளையத்தைக் கவ்விக்கொண்டு வெளியே நின்றதை அழித்துவிட்டீர்கள். கல்லுக்குள் விழுந்திருந்த அதன் சாயல் அப்படியே இருக்கிறது. அல்லது அதையும் அழிக்கப்போய்ப் பட்டைகளின் கோடுகளைக் கலைத்துவிட்டீர்கள்.

பட்டை தீட்டிய கல்லில் நாம் பார்க்கும் மினுக்கம் மேற்பரப்பில் மட்டும் உண்டாவதில்லை. மேல்முகத்தால் உள்ளே போகும் ஒளி பின்பக்கப் பட்டைகளில் பட்டுத் திரும்பி வருகிறது. நீலக்கல்லில் அப்படி முழுதாகத் திரும்ப வேண்டுமென்றால், ஒளி அந்தப் பட்டைக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து ஏறத்தாழ 34 பாகைக்கு மேல் சாய்ந்து விழவேண்டும். அதைவிடக் குறைந்த சாய்வில் விழுந்தால் பெரும்பகுதி ஒளி பின்னால் வெளியேறிவிடும். ஒளி வெளியேறும் வழியால் நமது பார்வையும் வெளியே போகும். கல்லுக்குப் பின்னால் என்ன இருக்கிறதோ அது அந்த இடத்தில் தெரியும்.

இலங்கை நீலக்கற்களில் பல, எடை குறையக்கூடாது என்று வெட்டப்பட்டவை. பின்பக்கம் ஒரே சீராக இருக்காது, சில இடங்களில் சாய்வு போதாது. அதனால் நடுவில் ஒரு வெளிறிய சன்னல் இருக்கும். அதோடு ராசிக்கல் தோலில் படவேண்டும் என்பதற்காக அடிப்பக்கத்தைத் திறந்து கட்டுவார்கள். மோதிரத்தை நிமிர்த்தி வைத்தால் கல்லின் முதுகு வளையத்தின் உட்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். கிளாம்பின் ஒரு வாய் அந்த உட்பக்கத்தில் இருக்கிறதென்றால் கல் அதைக் காட்டத்தான் செய்யும். அதுதான் நீங்கள் காணும் சாம்பல் நிறம்.

அடிப்பக்கம் மூடிக் கட்டிய கல்லில் இந்தத் தொல்லை கிடையாது. அங்கே தங்கத்தில் தெரியும் சாயலை மட்டும் கவனித்தால் போதும்.

கல்லுக்குள்ள தெரியிறது கிளாம்ப்தான் எண்டு எப்பிடி நிச்சயமாச் சொல்லுறது? கல்லிலயே கறுப்புப் பட்டை இருக்கலாமே.

கிளாம்பின் வாயில் நல்ல சிவப்பு நாடா ஒரு துண்டைச் சுற்றி ஒரு படம் எடுங்கள். பிறகு அதைக் கழற்றிப் பச்சை நாடா சுற்றி இன்னொரு படம். இரண்டையும் பெரிதாக்கிப் பாருங்கள். சிவப்பும் பச்சையும் மாறிமாறித் தெரியும் பட்டைகள் கிளாம்பைப் பார்த்துக்கொண்டிருப்பவை. இரண்டு படத்திலும் ஒரேமாதிரிக் கறுப்பாக இருப்பவை கல்லின் இயல்பான இருள். அவற்றைத் தொடக்கூடாது. வெளிச்சப் பட்டையும் இருள் பட்டையும் அருகருகே நிற்பதால்தான் கல் மினுங்குகிறது. எல்லாவற்றையும் வெளிச்சமாக்கினால் கண்ணாடித் துண்டு போலாகிவிடும்.

நீலக்கல்லில் சிவப்பு ஊதாவாகவோ கருமையாகவோ மாறித் தெரியலாம். நிறம் மாறுகிறதா இல்லையா என்பதை மட்டும் பாருங்கள்.

அப்ப வழி என்ன? ஒரு மோதிரத்தை வைச்சு முழுசாச் சொல்லுங்கோ.

ஒன்றை மனதில் வையுங்கள்: கல் முழுவதும் ஒரே படத்திலிருந்து வரவேண்டும். வளையத்தில் மறைந்துபோன துண்டை வேறு படத்திலிருந்து எடுக்கலாம், அது வழுவழுப்பான உலோகம், ஒரு மயிரளவு விலகினாலும் இழுத்துப் பொருத்திவிடலாம். கல்லில் அப்படி முடியாது. மோதிரம் சற்றே திரும்பினாலும் அத்தனை பட்டைகளின் ஒளியும் இடம் மாறிவிடும்.

நாலு நகங்கள் பிடித்த முட்டை வடிவ நீலக்கல், அடிப்பக்கம் திறந்த தங்க மோதிரம் என்று வைத்துக்கொள்வோம். கமராவை ட்ரைபொட்டில் இறுக்கி, f/11, ISO 100 என்று வைத்து, ஷட்டர், ஃபோக்கஸ், வெள்ளைச் சமநிலை எல்லாவற்றையும் கையால் பூட்டுங்கள். எல்இடி மின்குமிழ் பாவித்தால் ஷட்டர் வேகம் 1/50 அல்லது அதைவிட மெதுவாக இருக்கட்டும். நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால், வேகமான ஷட்டரில் சில மின்குமிழ்களின் துடிப்பு படத்துக்குப் படம் வெளிச்சத்தை மாற்றிவிடும். கீழே வெள்ளை பிரிஸ்டல் போர்ட், இரண்டு பக்கமும் ஒளியைத் திருப்ப ரெஜிபோம் துண்டுகள்.

முதல் படம் கல்லுக்கானது. வளையத்தின் அடியில், வெளிப்பக்கத்தில், பயறளவு வெள்ளை மெழுகை வைத்து மோதிரத்தை பிரிஸ்டல் போர்ட்டில் நிறுத்துங்கள். கல்லின் முகம் கமராவைப் பார்க்கும்படி சற்றே பின்னால் சாயட்டும். வளையத்தின் உள்ளே எதுவும் இருக்கக்கூடாது. கல் இப்போது தனக்குப் பின்னால் வெள்ளைப் பலகையையும் வளையத்தின் உட்பக்கத் தங்கத்தையும் மட்டுமே காண்கிறது. அந்த மஞ்சள் சாயல் உண்மையானது. கையில் போட்டுப் பார்க்கும்போதும் ஓரளவு அது இருக்கும், அதை நீக்க நினைக்காதீர்கள்.

இரண்டாவது படம் வளையத்துக்கானது. மெல்லிய கம்பியை U வடிவில் வளைத்து, முனைகளில் நூல் சுற்றி, பின்பக்கத்தால் வளையத்துக்குள் விட்டு, இரண்டு முனையும் உட்பக்கத்தில் இடமும் வலமுமாக விரிந்து அழுத்தும்படி செய்யுங்கள். கம்பியின் மறுமுனையைப் பின்னால் நிற்கும் ஸ்டாண்டில் இறுக்குங்கள். இவ்வளவும் மெழுகு இன்னும் இருக்கும்போதே நடக்கவேண்டும். புதுப் பிடி இறுகிய பிறகுதான் பழைய பிடியைக் கழற்ற வேண்டும். அதன்பின் தையல் நூலை மோதிரத்துக்கும் மெழுகுக்கும் இடையே விட்டு மெதுவாக அறுத்து, மிச்சத்தைப் பல்குச்சியால் எடுத்துவிடுங்கள். இப்போது வளையத்தின் அடி துப்புரவாகத் தெரியும், கல்லுக்குள் கம்பி தெரியும். கம்பி தெரிவதைப் பற்றிக் கவலை இல்லை, இந்தப் படத்தில் கல் நமக்கு வேண்டாம்.

மூன்றாவது, மோதிரத்தை எடுத்துவிட்டு வெறும் பின்னணி. இதை எடுக்க மறப்பவர்கள் அதிகம். பின்னணியில் மிச்சத்தைத் துடைக்க இதைவிட நல்ல பொருள் இல்லை.

போட்டோஷொப்பில் `File > Scripts > Load Files into Stack` மூலம் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். மேலே கல்லின் படம், நடுவில் வளையத்தின் படம், அடியில் வெறும் பின்னணி. மேல் லேயரை `Difference` என்று மாற்றினால் இரண்டும் ஒத்துப்போகும் இடம் கறுப்பாகும். விலகிய இடத்தில் ஒளிக்கோடு தெரியும். வளையத்தின் கீழ்ப்பாதியை மட்டும் பாருங்கள். அங்கே கோடு தெரிந்தால் நடு லேயரை மட்டும் `Free Transform` கொண்டு நகர்த்தியோ திருப்பியோ கறுப்பாக்குங்கள். கல்லின் லேயரை ஒருபோதும் அசைக்காதீர்கள். பிறகு `Normal` ஆக்கி, மேல் லேயருக்கு ஒரு `Layer Mask` போட்டு, மெழுகு இருந்த இடத்தில் மட்டும் கறுப்பு பூசுங்கள். அடியிலிருந்து துப்புரவான வளையமும் அதன் நிழலும் மேலே வரும். நடு லேயரின் கம்பி, மேலே இருக்கும் கல்லின் படத்தால் தானாகவே மறைந்திருக்கும்.

கல்லில் ஒரு புள்ளியும் நாம் தொடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

GIMP பாவிப்பவர்கள் `File > Open as Layers` என்று மூன்றையும் திறந்து இதையே செய்யலாம். `Difference` அங்கேயும் உண்டு.

கம்பியை விடத் தங்கூசியில கட்டித் தொங்கவிட்டா அழிக்கிறது லேசு எண்டு சொல்லுகினம். உண்மையோ?

பின்னணியில் அழிப்பது லேசு. மற்றது எல்லாம் கடினம். தங்கூசி கண்ணுக்குத் தெரியாதது போலிருந்தாலும் உருண்டையான பளபளப்பு நூல், விளக்கை வாங்கி ஒரு வெள்ளைக் கோடாகக் காட்டும். அது கல்லின் பக்கத்தால் போனால் பட்டைகளில் மெல்லிய கீறல்போல விழும். ஒற்றை நூலில் தொங்கும் மோதிரம் மின்விசிறிக் காற்றுக்கே திரும்பும். கட்டத்தான் வேண்டுமென்றால் இரண்டு நூல், வளையத்தின் அடிப்பக்கத்தில், மோதிரத்தைத் தலைகீழாக. படத்தைப் பிறகு திருப்பிக்கொள்ளலாம், ஆனால் நிழல் தலைகீழாக இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். மிதப்பது போன்ற படத்துக்கு மட்டும்தான் நான் இதைச் சொல்வேன்.

மத்தியான நேரம் மெழுகு இளகி மோதிரம் மெல்ல மெல்லச் சாயுது. கூட வைச்சு அப்பினா நிக்குது. பிழையோ?

கூட அப்பினால் மோதிரம் நிற்கும், ஆனால் மெழுகு வளையத்தின் உட்பக்கம் ஏறிவிடும். பிறகு கல் அதைப் பார்க்கத் தொடங்கும். அதைவிட மோசம், கல்லின் முதுகில் மெழுகோ சுவரில் போஸ்டர் ஒட்டும் களியோ ஒட்டுவது. கல்லுக்குப் பின்னால் காற்று இருப்பதால்தான் ஒளி முழுதாகத் திரும்புகிறது. அங்கே மெழுகு ஒட்டினால், நீலக்கல்லில் 34 பாகையில் நடந்த திருப்பம் 50 பாகையையும் தாண்டினால்தான் நடக்கும். அதுவரை மினுங்கிய பட்டைகள் உடனே அணைந்துபோகும். துடைத்த பிறகும் எண்ணெய்ப் படலம் மிஞ்சினால் ஓரளவு இதே விளைவுதான். விரல் எண்ணெயும் அப்படித்தான். படத்தில் எவ்வளவு திருத்தினாலும் அந்த ஒளி வராது.

வன்னி வெயிலுக்கு, தகரக் கூரைக்குக் கீழே வேலை செய்பவர்கள் மெழுகு வேலையைக் காலையில் முடித்துவிடுவது நல்லது. மெழுகை குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுத்துப் பாவித்தால் கொஞ்ச நேரம் கூடுதலாக நிற்கும். மோதிரம் சாய்கிறதா என்று அறிய, நிறுத்தியவுடன் ஒரு படமும் ஐந்து நிமிடத்தின் பின் இன்னொரு படமும் எடுத்து `Difference` போட்டுப் பாருங்கள். கறுப்பாக இருந்தால் தொடங்கலாம்.

நீலக்கல் மோதிரத்தின் முதுகைக் கழுவ, இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஒரு துளி சவர்க்காரமும் மெல்லிய தூரிகையும் போதும். நவரத்தின மோதிரத்தில் முத்தும் பவளமும் இருப்பதால் ஊறப்போடாமல் ஈரத்துணியால் துடைத்து உடனே உலர்த்துங்கள். செம்மண் தூசி படிந்திருந்தால் முதலில் ஊதி விலக்குங்கள். தூசியோடு தேய்த்தால் தங்கம் கீறுப்படும்.

ரெண்டு படத்தையும் சேர்த்தா வளையத்தில வெட்டுத் தெரியுது. ஒரு பக்கம் கொஞ்சம் மங்கல்.

மங்கல் என்றால் இரண்டு படத்துக்கும் இடையில் வெளிச்சம் மாறியிருக்கிறது. பக்கத்து வளவில் தண்ணி மோட்டர் போட்டால்கூடச் சில மின்குமிழ்கள் இறங்கும். யன்னலால் வெயில் வந்தால் ஒரு முகில் போதும். சட்டத்தின் ஓரத்தில், பிறகு வெட்டிவிடக்கூடிய இடத்தில், ஒரு சாம்பல் அட்டைத் துண்டை வைத்திருந்தால் இரண்டு படத்திலும் அதன் எண்களை ஒப்பிட்டுப் பார்க்கலாம். திருத்துவது நடு லேயரை மட்டும், `Curves` கொண்டு.

வெட்டுத் தெரிவதற்குக் காரணம் பெரும்பாலும் தையல், அதாவது இரண்டு படமும் சேரும் இடம். தங்க வளையத்தில் நீளமாக ஓடும் வெள்ளை ஒளிக்கோட்டை நடுவே வெட்டினால் கண் உடனே பிடித்துவிடும். ஒளியிலிருந்து இருளுக்கு மாறும் இடத்திலோ, வளையம் அகலம் மாறும் இடத்திலோ, ஒரு பூவேலை தொடங்கும் இடத்திலோ தையலை வையுங்கள். வளையத்தின் வெளி ஓரத்தில் மாஸ்க்கின் மென்மை 1 பிக்சல் அளவில் இருக்கட்டும். நடுவில், வழுவழுப்பான தங்கத்தில், தூரிகையை நன்றாக மென்மையாக்கலாம். எல்லா இடமும் ஒரே மென்மையாகப் பூசுவதால்தான் ஓரம் பஞ்சுபோல் ஆகிறது.

கடைக்காரர் ஒரே ஒரு படம்தான் தந்தவர். மோதிரம் வித்துப்போச்சு. இனி எடுக்கேலாது.

வளையத்தைக் காப்பாற்றலாம். `Pen Tool` கொண்டு வளையத்தின் வெளி ஓரத்தையும் உள் ஓரத்தையும் கிளாம்ப் மறைத்த இடத்தினூடாக ஒரே வளைவாக வரைந்து, அதைத் தேர்வாக்கி, அதற்குள் மட்டும் வேலை செய்யுங்கள். ஓரம் சரியாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. இரண்டு பக்கமும் இருக்கும் தங்கத்தை ஒரு துண்டு எடுத்து, `Warp` கொண்டு வளைவுக்கு ஏற்ப வளைத்து, நடுவில் சந்திக்க வையுங்கள். மறுபக்கத்தைப் புரட்டி ஒட்டுவது எளிதாகத் தோன்றும். ஆனால் விளக்கு ஒரு பக்கம் இருந்தால் ஒளிக்கோடு எதிர்த்திசையில் வரும், பார்ப்பவருக்குக் காரணம் தெரியாவிட்டாலும் ஏதோ பிழை என்று உறுத்தும். `Healing Brush` ஓரத்துக்குக் கிட்டப் போனால் பின்னணி நிறத்தை இழுத்து அழுக்காக்கும். ஓரத்தில் `Clone Stamp` தான் பாதுகாப்பு.

கல்லில் நான் மிகவும் தயங்கித்தான் கைவைப்பேன். கிளாம்பின் சாயல் ஒன்றிரண்டு பட்டைகளில் மட்டும் என்றால், அந்தப் பட்டையை மட்டும் `Polygonal Lasso` கொண்டு அதன் கோடுகளோடு சேர்த்துப் பிடித்து, அதற்குள் நிறத்தையும் வெளிச்சத்தையும் பக்கத்துப் பட்டைக்கு ஒத்ததாக மாற்றுங்கள். கோட்டுக்கு மேலால் தூரிகை ஓடக்கூடாது. பட்டைக்கோடு கூராக இருந்தால் கல் கல்லாகத் தெரியும், குழைந்தால் களிம்பாகிவிடும். சாயல் கல்லின் பாதியை மூடியிருந்தால், இதைச் சரியாகத் திருத்த முடியாது என்று கடைக்காரரிடம் சொல்லிவிடுங்கள்.

போனில எடுக்கிறன். இதெல்லாம் சரிவருமோ?

வரும், போன் அசையாமல் நிற்கவேண்டும், டைமர் போட்டு எடுக்கவேண்டும். ஐபோனில் கல்லின்மேல் விரலை அழுத்திப் பிடித்தால் `AE/AF LOCK` என்று வரும். மற்றப் போன்களில் `Pro` முறை இருந்தால் ISO, ஷட்டர், ஃபோக்கஸ் மூன்றையும் பூட்டுங்கள். தானியங்கி முறையில் போன் ஒவ்வொரு படத்தையும் தன் விருப்பப்படி மாற்றுவதால் இரண்டு படத்தின் தங்கம் இரண்டு நிறமாக வரும். லென்ஸைக் கல்லுக்கு மிக அருகே கொண்டுபோகாதீர்கள், போனின் கறுப்பு உடலே கல்லில் விழும். சற்றுத் தள்ளி வைத்து 2x லென்ஸ் இருந்தால் அதைப் பாவியுங்கள்.

கிளாம்பை எடுக்கிறதோட, கல்லின்ர நடுவில வெளிறின இடத்தையும் நீலமா நிரப்பித் தரச்சொல்லி ஒரு கடையில கேக்கினம். செய்யலாமோ?

செய்யாதீர்கள். கிளாம்ப் கல்லைச் சேர்ந்ததல்ல, அதனால் நீக்குகிறோம். சன்னல் கல்லின் வெட்டைச் சேர்ந்தது, விலையையும் அது தொடும். படத்தைப் பார்த்துக் கனடாவிலிருந்தோ சுவிஸிலிருந்தோ காசு அனுப்புபவர் அந்தக் கல்லைத்தான் வாங்குகிறார்.

நேர்மையாகச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மோதிரத்தின் சாய்வைச் சில பாகை மாற்றிப் பாருங்கள். சாய்வு மாறினால் சன்னல் ஒரு பக்கம் ஒதுங்கும், அல்லது சுருங்கும். கையில் போட்டுத் திருப்பிப் பார்க்கும்போதும் அதுதான் நடக்கிறது. கடைக்காரருக்கு அதையே இரண்டு மூன்று கோணத்தில் எடுத்துக் காட்டினால், நிரப்பும் பேச்சு பெரும்பாலும் நின்றுவிடும்.

அனுப்ப முதல் என்னத்தைப் பாக்கவேணும்?

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு `Levels` லேயர் போட்டு, கறுப்பு முனையை வலப்பக்கமாக நன்றாக இழுங்கள். வெள்ளைப் பின்னணி சாம்பலாகும்போது, கம்பி இருந்த தடம், அரைகுறையாக அழித்த நிழல், தூரிகையின் வட்டங்கள் எல்லாம் வெளியே வரும். பிறகு எதிர்ப்பக்கம் இழுத்து, இருண்ட இடங்களில் மிஞ்சியதைப் பாருங்கள். பார்த்து முடித்ததும் அந்த லேயரை நீக்கிவிடுங்கள்.

அடுத்து நிழல். மோதிரம் தரையைத் தொட்டுக்கொண்டு நிற்பதாகக் காட்டினால் தொடும் இடத்தில் நிழல் மிக இருண்டு, மிக ஒடுங்கி இருக்கவேண்டும். தாங்கியின் நிழல் மட்டும் தனியாக மிஞ்சியிருப்பதைப் பலர் காண்பதில்லை. தரை பளபளப்பான அக்ரிலிக் என்றால் அங்கே தாங்கியின் எதிரொளியும் கிடக்கும், அதையும் வெறும் பின்னணிப் படத்தால் மூடுங்கள்.

கடைசியாக, திருத்தாத கல்லின் படத்தை மேலே வைத்து `Difference` போடுங்கள். கல் இருக்கும் இடம் முழுக் கறுப்பாக இருக்கவேண்டும். ஒரு பட்டையாவது வெளிச்சம் காட்டினால் மாஸ்க் தவறிக் கல்லுக்குள் போயிருக்கிறது. அந்த இடத்தில் வெள்ளை பூசித் திருப்பி எடுத்துவிட்டு அனுப்புங்கள்.